கெடாய் கோப்பியும் காப்பிக் கடையும்

பினாங்குத் தெருவில் நடக்கும் தமிழருக்கு ஒரு பெயர்ப்பலகை சட்டென்று கண்ணில் படும்: 'கெடாய் கோப்பி'. மலாய் படித்திராதவருக்கும் பொருள் பாதி விளங்கிவிடும். கெடாய் என்பது தமிழின் 'கடை'தான். வணிகர்களோடு கப்பலேறிப் போய் மலாயில் தங்கிவிட்ட சொல். கோப்பி என்றால் காப்பி. இரண்டு சொல்லும் தெரிந்தவையே. ஆனால் அடுக்கு தலைகீழாக நிற்கிறது. தமிழர் காப்பிக் கடை என்பதை மலாய்க்காரர் கடை காப்பி என்கிறார்.

தமிழில் இப்படி மாற்றி வைத்தால் பொருளே வேறாகிவிடும். 'காப்பிக் கடை' ஒரு வகைக் கடை. 'கடைக் காப்பி' ஒரு வகைக் காப்பி, வீட்டில் போடாமல் கடையில் வாங்கியது. இரண்டிலும் கடைசியில் நிற்கும் சொல்தான் பேசப்படும் பொருள் எது என்று சொல்கிறது. முன்னால் நிற்பது அதற்கு அடைமொழி. வேற்றுமை உருபு சேரும் இடத்தைப் பார்த்தாலும் இது தெரியும். 'காப்பிக் கடையில் நின்றான்' என்கிறோம். 'இல்' ஒட்டுவது கடையோடுதான். இப்படி ஒரு தொடரின் தன்மையைத் தீர்மானிக்கிற சொல்லை மொழியியலாளர்கள் தலைச்சொல் என்கிறார்கள். தமிழில் அது தொடரின் இறுதியில் வரும், மலாயில் முதலில் வரும். ஆகவே தமிழைத் தலையிறுதி மொழி என்றும் மலாயைத் தலைமுதல் மொழி என்றும் அழைக்கலாம்.

இது இரண்டு சொல் சேரும் தொடரோடு நின்றுவிடுவதில்லை. வினைச்சொல், வேற்றுமை, எச்சம், ஒப்பீடு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும் பல இடங்களில் ஒரு மொழி ஒரே பக்கமாகச் சாய்கிறது. ஒரு நீளமான வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

'என் அண்ணன் நேற்று கடையில் வாங்கிய பெரிய குடை மேசைக்கு அடியில் இருக்கிறது.' வீட்டில் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம். மலாயில் இது: 'பாயுங் பெசார் யங் டிபெலி அபாங் சாயா டி கெடாய் செமாலாம் அடா டி பாவா மேஜா.'

பாயுங் என்றால் குடை, பெசார் என்றால் பெரிய. குடை முன்னே வந்துவிட்டது, பெரிய பின்னே. அடுத்து வரும் 'யங்' ஓர் இணைப்புச் சொல். முன்னால் சொன்ன பொருளைப் பற்றிய விவரம் இனி வருகிறது என்று அறிவிப்பது. அதற்குப் பின் டிபெலி, அதாவது வாங்கப்பட்ட. யாரால்? அபாங் சாயா: அண்ணன் என்னுடைய. எங்கே? டி கெடாய்: இல் கடை. எப்போது? செமாலாம்: நேற்று. இவ்வளவும் குடையைப் பற்றிய பேச்சு. இனி அடா, இருக்கிறது. பிறகு டி பாவா மேஜா: இல் அடி மேசை. மேசையும் மேஜாவும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே வந்த ஒரே சொல். மேசை ஒன்று, கடை ஒன்று, அவை நிற்கும் பக்கம் மட்டும் வேறு.

'மேசைக்கு அடியில் இருக்கிறது' என்பதற்கும் 'அடா டி பாவா மேஜா' என்பதற்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் ஒன்றின் பிம்பம் மற்றதாகத் தெரியும். 'என் அண்ணன்', 'அபாங் சாயா' இரண்டும் அப்படியே. ஒப்பீட்டிலும் இதுதான் நடக்கிறது. தமிழில் 'அவனை விட உயரம்' என்கிறோம். மலாயில் 'லெபே திங்கி டாரிபாடா டியா'; சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கூடுதல் உயரம் விட அவன்'.

ஆனால் எல்லாமே திரும்பிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடை என்ற எழுவாய் இரண்டு மொழியிலும் பயனிலைக்கு முன்னால்தான் நிற்கிறது. எண்ணுப்பெயரும் அப்படித்தான்: தமிழில் 'மூன்று குடை' என்பது போலவே மலாயிலும் எண் முதலில் வரும். எது திரும்புகிறது, எது திரும்பாமல் நிற்கிறது என்ற இந்த வேறுபாடுதான் இந்தத் துறையை அறுபது ஆண்டுகளாக இயக்கிவரும் கேள்வி.

அந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க். 1961-ல் நியூயார்க் மாநிலத்தின் டாப்ஸ் ஃபெரியில் நடந்த மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரை 1963-ல் அச்சில் வந்தது. அதற்காக அவர் எடுத்துக்கொண்டவை 30 மொழிகள். ஜப்பானியம், துருக்கி, பாஸ்கு, வேல்சு, சுவாகிலி, ஹீப்ரு என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவை. மலாயும் அதில் உண்டு. திராவிடக் குடும்பத்தின் சார்பில் கன்னடம் இருந்தது. சொல்லடுக்கைப் பொறுத்தவரை கன்னடத்துக்குச் சொன்னது பெரும்பாலும் தமிழுக்கும் பொருந்தும்.

அவர் செய்தது எளிய வேலைதான். ஒவ்வொரு மொழியிலும் வினை எங்கே நிற்கிறது, 'இல், மேல், அடியில்' போன்ற உறவுச் சொற்கள் பெயருக்கு முன்னால் வருகின்றனவா பின்னால் வருகின்றனவா, உடைமைப் பொருள் எந்தப் பக்கம், பெயரடை எந்தப் பக்கம் என்று எழுதி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். வினையை முதலில் வைக்கும் மொழிகள் அந்தப் பட்டியலில் 6 இருந்தன. ஆறும் உறவுச் சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்தன. தமிழ்போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை கொண்டவை 11. பதினொன்றும் உறவுச் சொல்லைப் பின்னால் வைத்தன. நடுவில் வினை வரும் 13 மொழிகளில் 10 முன்னால், 3 பின்னால். கட்டுரையில் அவர் இப்படி 45 பொது விதிகளை எழுதிவைத்தார். தம் முப்பதுக்கு வெளியே விலகி நடக்கும் மொழிகள் உண்டு என்பதை அறிந்திருந்ததால், தமிழ்வகை மொழிகளைப் பற்றிய விதியில் 'எப்போதும்' என்று சொல்லவில்லை; தற்செயல் என்று ஒதுக்கவே முடியாத அளவுக்கு என்ற பொருளில்தான் எழுதினார். அந்த நிதானம் பின்னால் சரியென்று தெரிந்தது.

முப்பது மொழிகளை வைத்து உலகத்தைப் பேசலாமா என்ற ஐயம் நியாயமானது. அதைத் தீர்த்தவர் மேத்யூ டிரையர். 1992-ல் 625 மொழிகளின் தரவோடு அவர் வெளியிட்ட ஆய்வும், பின்னர் உலக மொழிகளின் கட்டமைப்பு வரைபடத் தொகுப்புக்காக அவர் திரட்டிய எண்ணிக்கையும் கிரீன்பெர்க்கின் அடிப்படைக் கண்டுபிடிப்பை உறுதிசெய்தன. அந்தத் தொகுப்பின் வலைப்பதிப்பில் செயப்படுபொருளை வினைக்கு முன்னால் வைத்து, உறவுச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைக்கும் மொழிகள் 472. செயப்படுபொருளை முன்னால் வைத்துவிட்டு உறவுச் சொல்லையும் முன்னால் வைப்பவை 14 மட்டுமே. மறுபக்கம், வினைக்குப் பின்னால் செயப்படுபொருளை வைத்து உறவுச் சொல்லை முன்னால் வைப்பவை 456. கலந்து நடப்பவை 42. ஒரு மொழியில் 'சோறு சாப்பிட்டான்' என்பதற்கு எந்த வரிசை என்று மட்டும் தெரிந்தால், 'மரத்தின் மேல்' என்பதற்கு என்ன வரிசை என்று பார்க்காமலே சொல்லலாம். இருபது முறைக்கு ஒரு முறைதான் தவறும்.

டிரையர் செய்த இன்னொன்று அதைவிடச் சுவையானது. பலரும் உறுதியாக நம்பியிருந்த ஒன்றை அவர் பட்டியலிலிருந்து நீக்கினார். தமிழில் பெயரடை முன்னால், மலாயில் பின்னால். ஆகவே பெயரடையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே என்று எவருக்கும் தோன்றும். பாடநூல்களும் அப்படியே எழுதிவந்தன. எண்ணிப் பார்த்தபோது கதை மாறியது. தமிழ்போலச் செயப்படுபொருளை முன்வைக்கும் மொழிகளில் பெயரடையையும் முன்வைப்பவை 216, பின்வைப்பவை 332! ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்கு மொழி நல்ல சான்று. வினை இறுதியில் வரும், உடைமை முன்னால் வரும், உறவுச் சொல் பின்னால் வரும், பெயரெச்சத் தொடரும் தமிழில் போலவே பெயருக்கு முன்னால் வரும். ஆனால் 'பெரிய வீடு' என்பதற்கு 'எச்சே ஆந்தியா' என்பார்கள். எச்சே வீடு, அதற்குப் பின்னால்தான் பெரிய.

சுட்டுச் சொல்லும் பெயரடைபோல இந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்பது. ஆக, எல்லா அடைமொழியும் ஒரே பக்கம் சேரும் என்ற அழகான கோட்பாடு சரியில்லை. அப்படியானால் எவை சேர்கின்றன? டிரையரின் விடை இது: ஒரே சொல்லாக நிற்பவை கணக்கில் வராது, விரிந்து நீளக்கூடிய தொடர்கள்தான் ஒரே பக்கம் சேர்கின்றன. 'பெரிய' என்பது பெரும்பாலும் ஒற்றைச் சொல். 'அண்ணன் நேற்று கடையில் வாங்கிய' என்பது எவ்வளவும் நீளும். மேசை ஒரு சொல்தான், ஆனால் அந்த இடத்தில் பத்துச் சொல் கொண்ட பெயர்த்தொடரையும் வைக்கலாம்.

நீளும் தொடர் என்றதும் காரணமும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. தமிழிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'அண்ணன் போன வாரம் தச்சரிடம் செய்து வாங்கிய தேக்கு மேசைமேல் வைத்தான்' என்ற வாக்கியத்தில் 'மேல்', 'வைத்தான்' இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேசையும் 'மேல்' பக்கத்திலேயே இருக்கிறது. மேசை, மேல், வைத்தான் என்ற மூன்று முக்கியமான சொற்களும் ஒட்டி நிற்பதால், எது எதோடு சேர்கிறது என்பது கேட்பவர் மனதில் நொடியில் பதிந்துவிடும். இப்போது தமிழின் மற்ற அடுக்கை மாற்றாமல் 'மேல்' என்பதை மட்டும் முன்னால் தூக்கி வைக்கலாம்: 'மேல் அண்ணன் போன வாரம் தச்சரிடம் செய்து வாங்கிய தேக்கு மேசை வைத்தான்.' மேலுக்கும் வைத்தானுக்கும் நடுவில் எட்டுச் சொற்கள் வந்துவிட்டன. 'மேல்' என்று கேட்டவர் அதை மனதில் பிடித்துக்கொண்டே எட்டுச் சொல் தூரம் நடக்க வேண்டும்.

மலாயின் முறையில் வினை முதலில் வருவதால், உறவுச் சொல் வினைக்கும் பெயருக்கும் நடுவில் நின்றாலே இந்தத் தொல்லை இல்லை: வைத்தான், மேல், மேசை, அதன்பின் விவரங்கள். இரண்டு மொழியும் எதிரெதிர்த் திசையில் போய் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இணைக்கிற சொல், அது இணைக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதே அந்த இடம். 'வாங்கிய' என்பதன் இறுதியில் உள்ள 'அ' என்ற பெயரெச்ச விகுதி எங்கே இருக்கிறது? அண்ணன் வாங்கிய கதைக்கும் குடைக்கும் நடுவில். மலாயின் 'யங்' எங்கே? குடைக்கும் கதைக்கும் நடுவில். 'மழை வரும் என்று சொன்னான்' என்பதில் 'என்று' நிற்பது செய்திக்கும் சொன்னானுக்கும் நடுவில். ஆங்கிலத்தில் 'ஹி செட் தட்' என்று தொடங்கும்போது 'தட்' நிற்பதும் அதே நடுவில்தான். மொழிகளின் சொல்லடுக்கைப் படிக்கும்போது இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு ஆழமாகவும் உள்ள உண்மை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கருத்தை விரிவான கோட்பாடாக வளர்த்தவர் ஜான் ஹாக்கின்ஸ். தொடர்புள்ள சொற்கள் நெருங்கி நின்றால் கேட்பவருக்கும் பேசுபவருக்கும் சுமை குறைகிறது. அந்தச் சிறு வசதி தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து இலக்கண விதியாக இறுகுகிறது என்பது அவர் வாதம். இதிலிருந்து, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு முன்கணிப்பும் பிறந்தது. ஆங்கிலம் போன்ற மொழியில் நீளமான தொடரை மக்கள் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவார்கள் என்பது தெரிந்த செய்தி. கோட்பாடு சரியென்றால் தலையிறுதி மொழிகளில் நீளமானது முன்னால் போக வேண்டும். ஹிரோக்கோ யமாஷிட்டாவும் ஃபிராங்க்ளின் சாங்கும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானியர்கள் பேசும்போது நீளமான தொடரை முன்னால் வைக்கவே விரும்பினார்கள்.

தமிழரும் இதைத் தினமும் செய்கிறார்கள். 'கமலாவிடம் தன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புடவையைக் கொடுத்தாள்' என்பதில் தவறில்லை. ஆனாலும் 'தன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புடவையைக் கமலாவிடம் கொடுத்தாள்' என்பது தெளிவாக இருக்கிறது. முதல் வாக்கியத்தில் கமலாவுக்கும் கொடுத்தாளுக்கும் இடையே ஐந்து சொற்கள். யாருடைய அண்ணன், கமலாவினுடைய அண்ணனா என்ற மயக்கம்கூட ஒரு கணம் எழும். இரண்டாவதில் புடவையும் கமலாவும் கொடுத்தாளும் பக்கம் பக்கமாக வந்துவிடுகின்றன.

காரணம் இது ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. சொற்களின் பிறப்பும் ஒரு காரணம், அதற்குத் தமிழைப் போலத் தெளிவான சாட்சி அரிது. 'கத்தியைக் கொண்டு வெட்டினான்', 'அவளைப் பற்றிப் பேசினான்', 'அவனை விட உயரம்' என்பவற்றில் கொண்டு, பற்றி, விட என்பவை இன்று வேற்றுமைப் பொருள் தரும் சொல்லுருபுகள். ஆனால் அவற்றின் உருவத்தைப் பார்த்தால் கொள், பற்று, விடு என்ற வினைகளின் எச்ச வடிவங்கள் என்பது வெளிப்படை. கத்தியைக் கையில் கொண்டான், அதன்பின் வெட்டினான் என்ற இரண்டு செயல்களில் முதலாவது மெல்ல வினைத்தன்மையை இழந்து 'ஆல்' என்ற உருபின் வேலையைச் செய்யத் தொடங்கியது. கத்தி என்ற செயப்படுபொருளுக்குப் பின்னால்தான் தமிழில் வினை வரும். ஆகவே அந்த வினையிலிருந்து பிறந்த உருபும் பெயருக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. 'என்று' என்பதும் அப்படித்தான். சொல்லுதல் என்ற பொருள் கொண்ட 'என்' வினையின் எச்சம் அது, செய்திக்குப் பின்னால் நிற்கிறது.

சீனத்தில் இதே மாற்றம் எதிர்ப்பக்கம் நிகழ்ந்தது. 'யோங்' என்றால் பயன்படுத்து. சீனத்தில் வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும். ஆகவே 'கத்தியால் வெட்டு' என்பது 'யோங் தாவ் சியே', அதாவது 'பயன்படுத்திக் கத்தி வெட்டு'. 'ஆல்' என்பதற்கு இணையான சொல் கத்திக்கு முன்னால் போய்விட்டது. வினையிலிருந்து பிறக்கும் உருபு தன் தாய் நின்ற பக்கத்திலேயே நிற்கிறது.

வினையின் இடம் தமிழில் இவ்வளவு உறுதியா என்று கேட்கலாம். பேச்சில் 'வந்துட்டான் தம்பி' என்கிறோம், 'எங்கே போனான் இவன்' என்கிறோம். செய்யுளில் வினை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். முழு வாக்கியத்தின் மட்டத்தில் தமிழ் தாராளமான மொழிதான். ஆனால் உள்ளே போகப் போகக் கட்டு இறுகும். 'அடியில் மேசைக்கு' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. 'குடை பெரிய' என்றால் வாக்கியம் முடியவில்லை என்று தோன்றும். முற்றுவினை இடம் மாறலாம், பெயரெச்சம் மாறாது. ஒரு மொழி எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்புகிறவர் முழு வாக்கியத்தை விட்டுவிட்டு அதன் உட்தொடர்களைப் பார்ப்பதே நல்லது.

உள்ளே மாறிய ஒருசில இடங்களைத் தமிழ் இலக்கணம் தனியே குறித்தும் வைத்தது. வீட்டின் முன்பகுதி 'இல்முன்' என்று வந்திருக்க வேண்டும். வழக்கில் அது 'முன்றில்' ஆனது. நகர்ப்புறம் 'புறநகர்' ஆனது. பள்ளிக்கூடத்தில் இவற்றை இலக்கணப்போலி என்று படிக்கிறோம். முறைமாறிய சொற்களுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள் என்றால் எது முறை என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் அன்றாடப் பாடு. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும். அதன்பின் விவரங்களை எவ்வளவும் தொங்கவிடலாம். அதைத் தமிழில் அப்படியே ஒரே வாக்கியமாக்க முயன்றால் விவரமெல்லாம் முன்னால் குவிந்து, எதைப் பற்றிய பேச்சு என்பது கடைசியில்தான் தெரியும். வெறும் குவியல்கூடப் பரவாயில்லை. 'நான் பார்த்த ஆசிரியர் எழுதிய கதையில் வரும் பெண்' என்பதில் நான்கு படிகள் இருந்தும் சிக்கலில்லை, ஒவ்வொரு படியும் முடிந்த பிறகே அடுத்தது தொடங்குகிறது. முடியாத ஒன்றின் நடுவில் இன்னொன்றைத் திறப்பதுதான் ஆபத்து. 'குமார் லதா ராஜா வந்தான் என்று சொன்னாள் என்று நினைத்தான்' என்பதைப் படிப்பவர் தடுமாறுவார். மூன்று எழுவாய்கள் வினைக்காக வரிசையில் காத்து நிற்கின்றன. 'ராஜா வந்தான் என்று லதா சொன்னதாகக் குமார் நினைத்தான்' என்று மாற்றினால் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் வினை வந்துவிடும். இலக்கணப்படி இரண்டுமே சரி, படிக்கத் தகுந்தது இரண்டாவது. நாளிதழ்ச் செய்திகளில் பேசியவர் பெயர் முதலிலும் 'என்று கூறினார்' நாற்பது சொல் தள்ளியும் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைக்கலாம்.

விதிக்கு அடங்காத மொழிகளும் நன்றாகவே வாழ்கின்றன. பாரசீகத்தில் வினை இறுதியில்தான் வரும். செயப்படுபொருளும் அதற்கு முன்னால்தான். ஆனால் உறவுச் சொல் பெயருக்கு முன்னால், உடைமை பின்னால். 'என் வீட்டில்' என்பது 'தர் கானேயே மன்', அதாவது 'இல் வீடு என்'. வாக்கியத்தின் கடைசி தமிழைப் போல, பெயர்த்தொடரின் உள்ளே மலாயைப் போல. சீனம் வினைக்குப் பின்னால் செயப்படுபொருளை வைத்தும், 'அண்ணன் வாங்கிய குடை' என்ற தொடரைத் தமிழைப் போலவே அடுக்குகிறது. உலக வரைபடத் தொகுப்பில் இப்படிச் செய்யும் மொழிகள் ஐந்தே ஐந்து. ஆங்கிலமும் முழுத் தலைமுதல் மொழி அல்ல: 'மை பிரதர்', 'பிக் அம்பிரெல்லா' என்பவை தமிழ் அடுக்கு, 'அண்டர் த டேபிள்' மலாய் அடுக்கு.

2011-ல் இன்னொரு கேள்வி எழுந்தது. மைக்கேல் டன்னும் மூன்று ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில், மொழிக் குடும்பங்களின் கிளைமரங்களைக் கணினியில் ஆராய்ந்து, இந்தத் தொடர்புகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகின்றன என்று எழுதினார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றால் அது மூன்று சான்றா, ஒரே பாட்டியின் ஒரே பழக்கமா என்ற நியாயமான கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு அது. அவர்கள் எடுத்துக்கொண்டவை நான்கு குடும்பங்கள்தான், திராவிடம் அதில் இல்லை. முறை குறித்துக் கடுமையான மறுப்புகளும் வந்தன. இருந்தாலும் ஒன்று நிலைபெற்றுவிட்டது: மொழிகளை வெறுமனே எண்ணினால் போதாது, அவை மாறிய வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

மாறிய வரலாறு தமிழின் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தில் இந்தி 'எந்தப் புத்தகத்தைப் படித்தேனோ அது' என்ற முறையில் இரண்டு வாக்கியமாகச் சொல்கிறது. சிங்களத்தில் 'மம கியவன பொத்த': நான் படிக்கும் புத்தகம். சொல்லுக்குச் சொல் தமிழ் அடுக்கு. தமிழோடு நெடுங்காலம் ஒரே தீவில் பழகியதன் விளைவு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னும் முழுமையான மாற்றம் பாப்புவா நியூகினியில் நடந்தது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றிப் பேசப்படும் மோட்டு, மலாயின் தூரத்து உறவு. வீட்டுக்கு மலாயில் ரூமா என்றால் மோட்டுவிலும் ரூமாதான். ஆனால் மோட்டுக்காரர்கள் வினையை இறுதியில் வைக்கும் பாப்புவ மொழிகளின் நடுவே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்கள் மொழியில் வினை கடைசிக்குப் போனது, உறவுச் சொல்லும் அதோடு சேர்ந்து பெயருக்குப் பின்னால் போனது. 'வீட்டுக்குள்' என்பதற்கு மலாய்க்காரர் 'டி டாலாம் ரூமா' என்கிறார். மோட்டுக்காரர் 'ரூமா லாலோனாய்' என்கிறார், வீட்டை முதலில் வைத்து, தமிழரைப் போல.